‘கை நீட்டினார்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

சென்னை உயர் நீதிமன்றத்தின் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. அரசியலமைப்பின் 348ஆவது உறுப்பு அப்படி வகுத்திருக்கிறது. கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழங்குகிறது. ஆகவே ஒரு வழக்கு மேலே போகும்போது, தமிழில் சொல்லப்பட்ட வாக்குமூலமும் தமிழில் எழுதப்பட்ட கடிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டாக வேண்டும். பாரிமுனையில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக நான் செய்துவருவது இந்த வேலையைத்தான். இடையிடையே சிறுகதைகளையும் மொழிபெயர்க்கிறேன். புதிதாக இத்தொழிலுக்கு வருகிறவர்களின் பக்கங்களைத் திருத்திக் கொடுக்கிறேன். அவர்கள் எல்லோரும் முதலில் தடுக்கி விழும் இடம் சட்டச் சொற்கள் அல்ல. சட்டச் சொல்லுக்கு அகராதி இருக்கிறது, முன்மாதிரி இருக்கிறது, கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறது. மக்கள் வாயில் சரளமாக வந்து விழும் மரபுத்தொடர்தான் அவர்களை ஏமாற்றுகிறது, ஏனெனில் அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சொல்லாகவே இருக்கிறது.

ஒரு பெண்ணின் வாக்குமூலத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்; தொடர்களை மட்டும் மாற்றவில்லை. “கல்யாணமான புதிதில் என் கணவர் நன்றாகத்தான் இருந்தார். நான் வாயும் வயிறுமாக இருந்தபோதுதான் கை நீட்ட ஆரம்பித்தார். பிறகு என் நகையில் கை வைத்தார். மாமனாரிடம் போய்ச் சொன்னால் அவர் கையை விரித்துவிட்டார். கடைசியில் என் கணவர் என்னையும் குழந்தையையும் கைகழுவிவிட்டுப் போய்விட்டார்.” ஐந்தே வாக்கியங்கள், அவற்றில் ஐந்து மரபுத்தொடர்கள், நான்கு கையைப் பற்றியவை. தமிழ் தெரிந்த எவருக்கும் இதில் விளங்காதது ஒன்றும் இல்லை.

புதிதாக வந்த ஒரு மொழிபெயர்ப்பாளர் இதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கிக் கொண்டுவந்தார். கணவர் தம் கையை முன்னே நீட்டத் தொடங்கினார் என்று அதில் இருந்தது. ஆங்கிலத்தில் ஒருவரை நோக்கிக் கையை நீட்டுவது உதவவோ, நட்புப் பாராட்டவோ, சமாதானம் பேசவோ செய்யும் காரியம். ‘எக்ஸ்டெண்டட் ஹிஸ் ஹேண்ட்’ என்று படிக்கிற ஒருவர், அடித்ததாகச் சொல்லும் பெண்ணைக் கணவர் அணைத்துக்கொள்ள வந்ததாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்வார். நகைகளின்மேல் கையை வைத்தார் என்ற வாக்கியம், அவர் நகையைத் தொட்டுப் பார்த்ததாக மட்டுமே சொன்னது. மாமனார் தம் கைகளைத் திறந்தார் என்பது அதைவிட மோசம். ஆங்கிலத்தில் திறந்த கை கொடையாளியின் கை. உதவ மறுத்த மனிதர் அந்தப் பக்கத்தில் வள்ளலாகிவிட்டார். அதைப் படித்த இளம் வழக்கறிஞர் ஒருவர், மாமனார் எவ்வளவு பணம் கொடுத்தார் என்று கேட்டுக் குறிப்பு எழுதி அனுப்பினார். வாக்கியம் இலக்கணப் பிழையோடு வந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். அது பிழையற்ற ஆங்கிலமாக, நேர் எதிரான பொருளோடு வந்ததுதான் ஆபத்து.

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது ஏன் தோற்கிறது என்பதற்கான விடை இந்த எடுத்துக்காட்டிலேயே இருக்கிறது. ‘கை நீட்டு’ என்பதன் பொருள் கையில் பாதியும் நீட்டுவதில் பாதியுமாகப் பிரிந்து கிடக்கவில்லை. இரண்டும் சேர்ந்த முழுத்தொடருக்கு ஒரே பொருளாக, அடித்தல் என்பதாக, ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அத்தொடரின் வடிவத்தில் கைவைக்க முடிவதில்லை. ‘அவர் கை நீட்டினார்’ என்றால் அடித்தார். ‘அவர் கையை நீட்டினார்’ என்று ஐ உருபைச் சேர்த்தவுடன், ஊசி போட்டுக்கொள்ளவோ சோசியரிடம் காட்டவோ உண்மையான கை நீள்கிறது. ‘வலது கையை நீட்டினார்’ என்றால் மரபுத்தொடர் முற்றாகக் கரைந்துவிடுகிறது. ‘கை ஓங்கியது’ என்றால் ஒருவருடைய செல்வாக்கு மேலோங்கியது; ‘கையை ஓங்கினார்’ என்றால் அடிக்க வந்தார். ஆனால் உருபு வந்தாலே மரபுத்தொடர் இல்லை என்று விதி செய்துவிட முடியாது, ஏனெனில் ‘கையை விரித்தார்’, ‘வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டார்’ என்பவற்றில் உருபு கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு தொடரும் தனக்கென்று ஒரு வடிவத்தில் உறைந்திருக்கிறது. அந்த வடிவத்தை அறியாதவருக்கு, எது மரபுத்தொடர், எது வெறும் வாக்கியம் என்பதே தெரியாது. பெயர்ப்பது அதற்கு அடுத்த சிக்கல்.

அப்படியானால் அந்தப் பெண்ணின் வாக்கியங்களை என்ன செய்வது? நான்கு வழிகள் கைவசம் இருக்கின்றன. சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். ஆங்கிலத்தில் அதே பொருளுள்ள மரபுத்தொடரை வைக்கலாம். மரபுத்தொடரை விட்டுவிட்டுப் பொருளை நேராகச் சொல்லலாம். அல்லது பொருளைச் சொல்லி, மூலத்தொடரையும் அதன் சொற்பொருளையும் அடிக்குறிப்பில் தரலாம். முதல் வழியை மேலே பார்த்துவிட்டோம். மற்ற மூன்றில் எது எப்போதும் சிறந்தது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு, பக்கம் யாருடைய மேசைக்குப் போகிறது என்று முதலில் கேளுங்கள் என்றே சொல்கிறேன்.

மரபுத்தொடருக்கு மரபுத்தொடர் என்பது மொழிபெயர்ப்பாளருக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் வழி. ‘கை நீட்டு’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ரெய்ஸ் ஹிஸ் ஹேண்ட் டு மீ’ என்று ஒன்று இருக்கிறது. அதிலும் கை இருக்கிறது, அதுவும் குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறது. இவ்வளவு பொருத்தமான இணை அமைவது அரிது. ஆயினும் வாக்குமூலத்தில் நான் அதை வைக்கவில்லை. அந்த ஆங்கிலத் தொடர், அடித்ததையும் குறிக்கும், அடிக்க ஓங்கியதோடு நின்றதையும் குறிக்கும். தமிழில் ‘கை நீட்டினார்’ என்றால் அடி விழுந்துவிட்டது. கதையில் இந்த இடைவெளி ஒன்றும் செய்யாது. வழக்கில் இதைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்ய முடியும். எனவே அங்கே ‘என்னை அடிக்கத் தொடங்கினார்’ என்பதே ஆங்கிலத்தில் நேராக எழுதப்பட்டது. அடிக்குறிப்பில் மூலத்தொடர் வந்தது.

நேர்ப்பொருள் எழுதும் வழி பாதுகாப்பானது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்கும் ஒரு குழி உண்டு. ‘என் நகையில் கை வைத்தார்’ என்பதற்கு நேர்ப்பொருள் என்ன? எடுத்தாரா, அடகு வைத்தாரா, விற்றாரா? தமிழ்த்தொடர் அதைச் சொல்லவில்லை. உரியவளுக்கு உடன்பாடு இல்லாமல் அந்த நகை குறையத் தொடங்கியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ‘திருடினார்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் அவள் சுமத்தாத குற்றத்தை மொழிபெயர்ப்பாளர் சுமத்திவிடுகிறார். ‘அடகு வைத்தார்’ என்று எழுதினால் நடக்காததைக்கூடச் சொன்னதாகிவிடும். மரபுத்தொடர் அகலமாக இருக்கும் இடத்தில் நேர்ப்பொருள் அதைக் குறுக்கிவிடுகிறது. மூலத்தின் அகலத்தைக் காக்கும் ஒரு சொல்லைத் தேடினேன். சேமிப்பிலோ கையிருப்பிலோ இருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பயன்படுத்துவதற்கு ஆங்கிலத்தில் ‘டிப் இன்டு’ என்பார்கள். அது பொருந்தியது. இதே ‘கை வைத்தல்’ கல்லாப்பெட்டியைப் பற்றி வந்திருந்தால், ‘ஹேண்ட் இன் த டில்’ என்று ஆங்கிலத்தில் அச்சு அசலான இணை இருக்கிறது. அது முதலாளியின் பணத்தைக் கையாடுவதற்கு மட்டுமே வழங்குவதால் நகைக்கு ஆகாது. ஒரு பெண்ணின்மேல் கை வைத்தான் என்றால் பொருள் வேறாகிவிடுகிறது, அதற்கு வேண்டிய ஆங்கிலமும் முற்றிலும் வேறு. அதனால் ‘கை வைத்தல்’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று தனியாகக் கேட்பதில் பயனில்லை. எதில் கை வைத்தார் என்று தெரிந்தால்தான் கேள்வியே முழுமையடைகிறது.

மாமனார் ‘கையை விரித்த’ இடத்தில் மூன்று ஆங்கிலத் தொடர்கள் என்னைக் கவர்ந்தன, மூன்றையும் விலக்கினேன். தோளைக் குலுக்கினார் என்பதில் அலட்சியம் தொனிக்கிறது. இரு கைகளையும் மேலே தூக்கினார் என்பதில் சலிப்பு தொனிக்கிறது. கைகழுவினார் என்பது அடுத்த வாக்கியத்துக்குத் தேவைப்படுகிறது. தமிழில் கையை விரிக்கிறவர் கெட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மருத்துவர்கூடக் கையை விரிக்கிறார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே அதன் பொருள். ஆகவே ‘தம்மால் எதுவும் செய்ய இயலாது என்றார்’ என்று நேராக எழுதுவதைத் தவிர வேறு நேர்மையான வழி தெரியவில்லை. ‘வாயும் வயிறுமாக’ என்பதற்கும் ‘கருவுற்றிருந்தபோது’ என்று எழுதுவதோடு நின்றேன். இருவருக்காகச் சாப்பிடுவது என்று ஆங்கிலத்தில் ஒரு தொடர் உண்டு, வாய் வயிறு இரண்டும் அதில் மறைந்து நிற்கின்றன. ஆனால் அது உணவின் அளவைப் பற்றிய பேச்சு.

‘கைகழுவிவிட்டுப் போனார்’ மட்டும் சிரமமே தரவில்லை. ‘வாஷ்ட் ஹிஸ் ஹேண்ட்ஸ் ஆஃப் அஸ்’ என்பது ஏறக்குறைய அதேதான். ஏசுவைச் சிலுவையில் அறைய ஒப்புக்கொடுத்த பிலாத்து, கூட்டத்தின் முன் கைகழுவி, இந்த இரத்தத்துக்கு நான் பொறுப்பல்ல என்று சொன்னதாக மத்தேயு நற்செய்தியில் வரும் காட்சி ஆங்கிலத் தொடருக்குப் பின்னால் நிற்கிறது. அங்கே அழுத்தம் பொறுப்பை மறுப்பதில் விழுகிறது. தமிழில் அழுத்தம் நம்பியிருந்தவரை நட்டாற்றில் விடுவதில் விழுகிறது. இந்தச் சிறு வேறுபாட்டை அந்த வாக்கியத்தின் சூழலே நிரப்பிவிடுகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலும் சில நேரம் சரியாக வந்துவிடுவதற்கு இப்படிப்பட்ட தொடர்களே காரணம். ‘அவர் என் வலது கை’ என்பதும், ‘வெறுங்கையோடு திரும்பினார்’ என்பதும் இரு மொழியிலும் ஒன்றுபோல வருகின்றன. இவை தரும் துணிச்சலில்தான் புதியவர்கள் ‘கை நீட்டினார்’ வரை போய்விடுகிறார்கள்.

இதே ஐந்து வாக்கியங்களை ஒரு சிறுகதையில் அந்தப் பெண் பேசினால் என் தேர்வு தலைகீழாகும். அங்கே ‘ரெய்ஸ் ஹிஸ் ஹேண்ட்’ வரும், ‘அடித்தார்’ வராது. நேராகச் சொல்லாமல் கணவருடைய மரியாதையைக் காத்துக்கொண்டே குற்றத்தைச் சொல்லும் குரல் அவளுடையது, அந்தக் குரல்தான் கதை. அங்கே அடிக்குறிப்பு வேண்டாம். ‘வாயும் வயிறுமாக’ என்பதில் இருக்கும் பரிவை, அப்படிப்பட்ட நிலையில் இருக்கிறவளைப் போய்த் தொடலாமா என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்கும் தொனியை, அந்த வாக்கியத்தில் காட்ட முடியாவிட்டால் அடுத்த வாக்கியத்திலாவது கொண்டுவர முயல்வேன். இருந்தாலும் இணைத்தொடரை வைப்பதற்குக் கதையிலும் ஓர் எல்லை இருக்கிறது. நிலக்கரிக்குப் பெயர்போன நியூகாசிலுக்கே நிலக்கரி கொண்டுபோவது என்று ஆங்கிலப் பாத்திரம் ஒன்று சொன்னால், தமிழில் ‘கொல்லன் தெருவில் ஊசி விற்பது’ என்று எழுதலாம். கொல்லன் எல்லா நாட்டிலும் உண்டு. ‘திருநெல்வேலிக்கே அல்வாவா’ என்று எழுதினால், அந்த ஆங்கிலேயர் திடீரென்று தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவராகிவிடுவார். ஊர்ப்பெயர், கோயில், பண்டம் ஆகியவை உள்ள இணைத்தொடர்களை அயல்நாட்டுப் பாத்திரத்தின் வாயில் வைப்பதில்லை என்பதை நான் விடாமல் கடைப்பிடிக்கிறேன்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் வழியில் தேர்வு எளிது, தவறுகள் மட்டும் நிறைய. பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்களிலிருந்து என்னிடம் வரும் சுற்றறிக்கைகளில் ‘பந்து உங்கள் நீதிமன்றத்தில் இருக்கிறது’ என்ற வாக்கியத்தைப் பார்த்திருக்கிறேன். டென்னிஸ் ஆடுகளத்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் வந்த வினை அது. ‘முடிவு இனி உங்கள் கையில்’ என்று எழுதினால் போதும். ‘ஐ ஹாவ் மை ஹேண்ட்ஸ் ஃபுல்’ என்பதைக் ‘கை நிறைய’ என்று எழுதினால், வேலைப்பளுவால் மூச்சுத் திணறுகிறவர் கை நிறையச் சம்பளம் வாங்குகிறவர் ஆகிறார். தமிழில் அவருக்குத் ‘தலைக்கு மேல் வேலை’. இதையே திருப்பி ஆங்கிலத்தில் தலைக்கு மேல் என்று எழுதினால், தம் திறமைக்கு மீறிய வேலையில் மாட்டிக்கொண்டார் என்று பொருளாகும். பனிக்கட்டியை உடைப்பது என்று ஆங்கிலத்தில் சொன்னால் அறிமுகமில்லாதவர்களுக்கிடையே உள்ள தயக்கத்தைப் போக்குவது. நாமோ ஐஸ் என்ற அதே சொல்லை எடுத்துக்கொண்டு மேலதிகாரிக்கு ஐஸ் வைக்கிறோம். அலுவலகக் கடிதங்களில் நான் இணைத்தொடர் தேடுவதே இல்லை. நேர்ப்பொருள் போதும். ஒரு வேலை மறுபடி தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது என்பதற்குப் ‘பழைய குருடி கதவைத் திறடி’ என்று அருமையான பழமொழி இருக்கிறது. ஆனால் பார்வையற்ற ஒருவரும் படிக்கக்கூடிய சுற்றறிக்கையில் அதை எழுத எனக்கு மனம் வராது.

இனி, இந்த இணைகளை எப்படிக் கற்பது என்ற தேர்வு. மூன்று வழிகளை மாணவர்கள் கையாளுகிறார்கள்; நானும் மூன்றையும் கையாண்டிருக்கிறேன். முதலாவது பட்டியல்: இடப்பக்கம் ஆங்கிலத் தொடர், வலப்பக்கம் தமிழ்த் தொடர், நூறோ இருநூறோ மனப்பாடம் செய்வது. பள்ளிக் கையேடுகளில் இருப்பது இதுதான். விரைவாகக் கற்கலாம் என்பது இதன் நன்மை. ஆனால் பட்டியல் சமக்குறி போட்டுக் காட்டும் இரண்டும் பெரும்பாலும் சமம் இல்லை. ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்பதற்கு ஒரு பட்டியலில் ‘அத்தி பூத்தாற்போல்’ என்றும், இன்னொன்றில் ‘ஆடிக்கு ஒரு தடவை, அமாவாசைக்கு ஒரு தடவை’ என்றும் இருக்கும். இரண்டும் அரிதாக நிகழ்வதையே குறிக்கின்றன. ஆனால் அத்தி பூத்தாற்போல் வீட்டுக்கு வந்தவரைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆடிக்கு ஒரு தடவை வருகிற மகனைப் பற்றித் தாய் குறைப்பட்டுக்கொள்கிறாள். ஆங்கிலத்தொடர் இந்த இரண்டு உணர்ச்சிகளில் எதையும் தானாகக் கொண்டுவருவதில்லை. பட்டியலில் படித்தவர் எதை எங்கே வைப்பது என்று அறியாமல், விருந்தினரை வரவேற்கும் வாக்கியத்தில் குறைகூறும் தொடரை வைத்துவிடுகிறார். கல்யாணத்தைப் பற்றிய பட்டியல் வரி இன்னும் தவறானது. ‘டை த நாட்’ என்பதற்குக் ‘கால்கட்டு’ என்று போட்டிருந்தார்கள், இரண்டிலும் கட்டு இருக்கிறதே என்று. ஆங்கிலத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறவர்கள் மணமக்களே, விரும்பிப் போட்டுக்கொள்கிறார்கள். தமிழில் ஊர் சுற்றும் பையன் அடங்கட்டும் என்று பெரியவர்கள் அவனுக்குக் கால்கட்டுப் போடுகிறார்கள்.

இரண்டாவது வழி, பொருள்வாரியாகத் தொகுத்துப் படிப்பது. இதற்கும் முதல் வழிக்கும் உள்ள வேறுபாட்டைச் சென்னையில் அச்சான இரண்டு பழைய தொகுப்புகள் நன்றாகக் காட்டுகின்றன. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பாதிரியார் பெர்சிவல், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கிலப் பெயர்ப்போடு 1874இல் வெளியிட்டார். அது அகரவரிசைத் தொகுப்பு. பழமொழி ஏற்கெனவே தெரிந்தவர் தேடிக் கண்டுபிடிக்கலாம், பொருள் மட்டும் மனத்தில் உள்ளவருக்கு அது வழிகாட்டாது. 1897இல் டென்மார்க்கைச் சேர்ந்த பாதிரியார் ஹெர்மன் ஜென்சன் வெளியிட்ட தொகுப்போ பழமொழிகளைப் பொருள்வாரியாக வகைப்படுத்தியது. ஒரே கருத்தைச் சொல்லும் பத்துப் பழமொழிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, அவற்றுக்குள் எது கேலி, எது அறிவுரை, எது ஆற்றாமை என்று நாமே ஒப்பிட்டு உணர முடிகிறது. பழமொழிக்கு இது மிகச் சிறந்த வழி. ஆயினும் பழமொழி முழு வாக்கியமாகத் தனித்து நிற்பது; ‘கை நீட்டு’ போன்ற மரபுத்தொடர் வாக்கியத்துக்குள் கரைந்து கிடப்பது. யார் யாரிடம் சொன்னார் என்பது தெரியாமல் அதைத் தொகுத்து வைத்தும் பயனில்லை.

நான் இன்று யாருக்கும் பரிந்துரைப்பது மூன்றாவது வழியை. கேட்ட வாக்கியத்தை முழுதாக எழுதிவைக்கும் ஒரு குறிப்பேடு, அதோடு திருப்பிப் பெயர்க்கும் சோதனை. என் குறிப்பேட்டிலிருந்து ஒரு பதிவைச் சொல்கிறேன். மேலே, கேட்ட வாக்கியம்: “இனிமேல் என் பிள்ளை மேல கை நீட்டினா நல்லா இருக்காது.” அதன்கீழ், யார் யாரிடம் சொன்னது: பேருந்தில் ஒரு தாய், வாத்தியாரைப் பற்றித் தன் தோழியிடம். அடுத்து, உறைந்த வடிவம்: ஐ உருபு கிடையாது, அடிபட்டவர் ‘மேல்’ என்ற சொல்லோடு வருவார், அல்லது சொல்லப்படாமலே விளங்குவார். அடுத்து, ஆங்கிலத்தில் நேர்ப்பொருள்: அடித்தல். அதன்பிறகே இணைத்தொடரும் அதன் எல்லையும்: ‘ரெய்ஸ் ஹிஸ் ஹேண்ட் டு’, ஓங்கியதோடு நின்றதையும் குறிக்கும். கடைசியாக, மயங்கக்கூடாத தொடர்: ‘எக்ஸ்டெண்ட் எ ஹேண்ட்’, உதவுதல். ஒரு பதிவுக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்றுக்கு மேல் என்னால் முடிவதில்லை. பட்டியலில் ஒரு மாலையில் ஐம்பது படித்துவிடலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐம்பதில் எதையும் நான் ஒரு வாக்குமூலத்தில் துணிந்து வைத்ததில்லை.

ஆங்கிலத் தொடருக்கும் இதே பதிவுதான். அங்கே கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும்: அந்தத் தொடர் இன்றைக்கு யார் வாயிலாவது இருக்கிறதா? பெருமழையை நாயும் பூனையுமாகப் பொழிவதாகச் சொல்லும் ஆங்கிலத்தொடரை நம் பள்ளிகளில் படிக்காதவர் இல்லை. இன்றைய ஆங்கிலப் பேச்சில் அதைக் கேட்பது அரிது. ‘கிக் த பக்கெட்’ என்பதும் பள்ளியில் கற்றதுதான். அது ‘மண்டையைப் போட்டான்’ என்பதற்கு நிகரான மரியாதைக் குறைவுள்ளது என்று எந்தப் பட்டியலும் எச்சரிப்பதில்லை. ‘காலமானார்’, ‘இறைவனடி சேர்ந்தார்’ என்பவற்றுக்கு எதிரே அதை எழுதிய ஓர் இரங்கல் கடிதத்தை, நல்ல வேளையாக, அனுப்புவதற்கு முன்பே திருத்தினேன். ஆங்கிலத்தில் கற்போருக்கென்று வெளிவரும் அகராதிகள், ஒரு தொடர் பேச்சுவழக்கா, பழையதா, புண்படுத்தக்கூடியதா என்று குறியிட்டுக் காட்டுகின்றன. அந்தச் சிறு எழுத்துக் குறியையும் பதிவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பேச்சு வழக்கைத் தனியே குறிக்கிறது, வாக்கியங்களையும் தருகிறது. உறைந்த வடிவத்தைச் சரிபார்க்க அது உதவுகிறது.

திருப்பிப் பெயர்க்கும் சோதனை மிக எளியது. நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய வாக்கியத்தை, தமிழ் மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, தமிழாக்கச் சொல்லுங்கள். ‘டிப் இன்டு’ என்று நான் எழுதிய நகை வாக்கியம் ‘என் நகையை எடுத்துச் செலவழிக்க ஆரம்பித்தார்’ என்று திரும்பிவந்தது. சற்றே குறுகியிருந்தாலும் பாதகமில்லை. ‘ரெய்ஸ் ஹிஸ் ஹேண்ட்’ போட்ட கதை வாக்கியம் ஒருவரிடமிருந்து ‘என்னை நோக்கிக் கையை உயர்த்தினார்’ என்று வந்தது. அவருக்கு அந்த ஆங்கிலத்தொடர் தெரிந்திருக்கவில்லை. கதையை வாசிக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் முதல்மொழியாக உள்ளவர்களா, அல்லது நம்மைப்போல் கற்றுக்கொண்டவர்களா என்று அன்றைக்கு யோசித்தேன். இரண்டாமவர்கள் என்று தெரிந்ததால், அடி விழுந்ததை அடுத்த வாக்கியத்தில் கன்னம் வீங்கியதைக் கொண்டு விளங்கவைத்தேன். சோதனையில் தோற்ற தொடரை உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. யாருக்கு எழுதுகிறோம் என்பதை அது நினைவூட்டுகிறது.

சில பதிவுகள் இந்த எல்லாச் சோதனைக்கும் பிறகும் அரைகுறையாகவே நிற்கின்றன. “சம்பந்தம் பேசி முடியட்டும், அதுவரைக்கும் அவங்க வீட்டில கை நனைக்கக் கூடாது” என்று பெண் பார்க்கப் போன ஒரு பெரியவர் சொன்னதை எழுதிவைத்திருக்கிறேன். கையால் சாப்பிடுவது, சாப்பிட்டால் உறவு உறுதியாகிவிடுகிறது என்ற எண்ணம், உறுதியாவதற்கு முன் அந்த உறவை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடக் கூடாது என்ற கவனம், இவ்வளவும் இரண்டு சொற்களுக்குள் இருக்கின்றன. ‘அவர்கள் வீட்டில் சாப்பிடக் கூடாது’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் பகை என்றோ தீட்டு என்றோ படுகிறது. இப்போதைக்கு நேர்ப்பொருளுக்கான இடத்தில், ‘சம்பந்தம் உறுதியாகும்வரை அவர்கள் வீட்டில் விருந்து ஏற்பதில்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். இணைத்தொடருக்கான வரியில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.